பெறுவாய், பெறுவீர், பெறுவீர்கள்

ரங்கூன் ஒரு காலத்தில் தமிழ் இதழ்கள் அச்சான நகரம். வெ. சாமிநாத சர்மா 1937இல் ‘ஜோதி’யை அங்கிருந்துதான் நடத்தத் தொடங்கினார்; 1942இல் போர் துரத்த, நடந்தே ஊர் திரும்பியவர்களில் அவரும் ஒருவர். 1964இல் கடைகள் அரசுடைமையானபோது எஞ்சியிருந்தவர்களிலும் பலர் கப்பலேறினார்கள். அங்கேயே தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைய யாங்கோனில் பர்மிய மொழியில் படித்து, தமிழை வீட்டிலும் கோயிலிலும் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களை நோக்கி ஒரு கடை தமிழில் பேச வேண்டுமென்றால், பர்மிய மொழியிலோ ஆங்கிலத்திலோ முதலில் எழுதியதை யாராவது தமிழாக்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் ‘நீங்கள்’ என்ற மரியாதைப் பன்மை எப்படி உடைகிறது, அதை எப்படித் திரும்ப ஒட்டுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரு மாதிரித் துண்டறிக்கையை எடுத்துக்கொள்வோம். இது நானே கட்டியது. ஆனால் இதன் ஒவ்வொரு வரியும் யாங்கோனிலும் சென்னையிலும் ஸ்கார்பரோவிலும் நம் கண்ணில் பட்ட வகைதான்.

இந்தத் தீபாவளிக்கு உன் அம்மாவுக்கு ஒரு பட்டுச் சேலை!
குடும்பத்துடன் எங்கள் கடைக்கு வருகை தாருங்கள்.
5 லட்சம் கியாட்டுக்கு மேல் வாங்கிப் பரிசு பெறுவீர்!
பரிசு பெறும்போது பில்லைக் காட்டவும்.
இன்றே முன்பதிவு செய்.
பையன் சேலையை உங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருவான்.

ஆறு வரிகளில் எழுத்துப்பிழை இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் இலக்கணப் பிழையும் இல்லை. சேர்த்துப் படித்தால், பேசுவது ஒரு கடையா ஐந்து பேரா என்று தெரியவில்லை. முதல் வரியில் வயதில் மூத்த உறவுக்காரர் பேசுகிறார், இரண்டாவதில் கல்யாண வீட்டுக்காரர், மூன்றாவதில் தேர்தல் சுவரொட்டி, நான்காவதில் ரயில் நிலைய அறிவிப்பு. ஐந்தாவதில் முதலாளி வேலையாளை ஏவுகிறார்.

இந்தக் குழப்பத்துக்கு எழுதுபவரின் கவனக்குறைவு மட்டும் காரணமில்லை. பர்மிய மொழியிலும் மரியாதை உண்டு, ஆனால் அது வேறிடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ‘நீங்கள்’ என்பதற்கு ஆண் பேசினால் ‘கம்யா’, பெண் பேசினால் ‘ஷின்’. சொல்லைத் தீர்மானிப்பது கேட்பவர் அல்ல, பேசுபவர். கடைக்கு ஆண் பெண் கிடையாது என்பதால் விளம்பரம் இரண்டையும் தவிர்த்துவிடலாம். அதனால் மரியாதை குறையாது, ஏனென்றால் அதைச் சுமப்பது வினையோடு ஒட்டும் ‘பா’ என்ற சிறு சொல். ‘லா’ என்றால் வா. ‘லாபா’ என்றால் வாருங்கள். இந்தப் ‘பா’ ஏவலில் மட்டும் வருவதில்லை. ‘நாங்கள் தருகிறோம்’ என்று கடை தன்னைப் பற்றிச் சொல்லும்போதும் வரும். அது யாரைச் சுட்டுகிறது என்பதற்கான குறி அல்ல, பேச்சுக்கே போடும் ஒரு மென்மை.

நம் பேச்சுத் தமிழில் இதற்கு நெருங்கிய உறவு ‘ங்க’. ‘ஆமாங்க’, ‘இல்லைங்க’, ‘வர்றேங்க’ என்கிறோம். ‘வர்றேன்’ தன்மை ஒருமை. அதோடு ஒட்டும் ‘ங்க’ கேட்பவருக்கான மரியாதை. யாங்கோன் தமிழரின் காதுக்குப் ‘பா’வும் ‘ங்க’வும் ஒன்றாகவே ஒலிக்கக்கூடும். ஆனால் எழுதும்போது ‘ங்க’வை நாம் வாசலிலேயே விட்டுவிடுகிறோம். எழுத்துத் தமிழில் மரியாதை வினைமுற்றின் விகுதிக்குள் போய்விடுகிறது. எனவே பர்மிய மூலத்தில் எல்லா வரிக்கும் ஒரே ‘பா’ போதுமாயிருக்க, தமிழில் ஒவ்வொரு வரியிலும் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஆங்கில மூலமாக இருந்தால் ஒரே ஒரு ‘யூ’. அது எந்தக் குறிப்பும் தராது.

தமிழிலோ படிகள் பல. ஒருவரைப் பன்மையால் சுட்டுவது வழக்கில் வந்த உயர்வுச் சொல்லே தவிர இலக்கண நெறி அல்ல என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் ஒதுக்கி வைத்தது. வழக்கு அந்த ஒதுக்கலைப் பொருட்படுத்தவில்லை. பன்மையாக இருந்த ‘நீர்’ ஒருவருக்கான மரியாதைச் சொல்லானது. அதன் மதிப்புத் தேயத் தேய, ‘கள்’ சேர்ந்த ‘நீங்கள்’ மேலே ஏறியது. அதற்கும் மேலே ‘தாங்கள்’. இறங்கிவிட்ட ‘நீர்’ எல்லா ஊரிலும் ஒரே படியில் நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அது இன்றும் உயிருள்ள சொல்: ஒத்த வயதினரிடம், இளையவரிடம், கணவன் மனைவிக்குள். அந்தக் காதோடு படிப்பவருக்கு, முன்பின் தெரியாத ஒரு கடை ‘பெறுவீர்’ என்பது ஒரு படி குறைவாகக் கேட்கலாம். தமிழகத்துக் காதுக்கு அதே ‘பெறுவீர்’ ‘வாக்களிப்பீர்’ போலப் பழைய மேடைக் கம்பீரம். ஒரே விகுதி ஒருவரைத் தாழ்த்துகிறது, இன்னொருவரை நிமிர வைக்கிறது. வாசகர் பல ஊர்க்காரராக இருக்கும்போது ‘ஈர்கள்’ மட்டுமே எல்லோருக்கும் பாதுகாப்பானது.

இனி திருத்தும் வேலை. கணினியில் தேடி மாற்றினால் முடிந்துவிடும் என்று நினைப்பவர் ‘உன்’னை ‘உங்கள்’ ஆக்கப் போய் ‘உன்னதத்தை’யும் சிதைத்துவிடுவார். ‘நீர்’ என்று தேடினால் குடிநீரும் வந்து நிற்கும். அப்படியே மாற்றினாலும் பெயர்ச்சொல்தான் மாறும், வினை மாறாது. ‘நீங்கள் பரிசு பெறுவீர்’ என்ற அரைகுறை வாக்கியம் பிறப்பது இப்படித்தான். வினைகளுக்கு ஒரே சூத்திரமும் இல்லை. ‘செய்’ ‘செய்யுங்கள்’ ஆகும், ‘வா’ ‘வாருங்கள்’ ஆகும், ‘மறக்காதே’ ‘மறக்காதீர்கள்’ ஆகும். ஆகவே செய்ய வேண்டியது வேறு: அறிக்கையில் உள்ள ஒவ்வொரு வினைமுற்றையும் ஏவலையும் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது யாரை எந்தப் படியில் நிறுத்துகிறது என்று எழுதுவது. பெயர்ச்சொல் ஏமாற்றும், வினை ஏமாற்றாது.

மாதிரிக்கு வருவோம். ‘உன் அம்மா’வை ‘உங்கள் அம்மா’ ஆக்கலாம், ஆனால் தேவையில்லை. உறவுப் பெயரை முன்னொட்டு இல்லாமல் சொன்னால் அது கேட்பவருடைய உறவு என்று தமிழில் தானே விளங்கும். ‘தீபாவளிக்கு அம்மாவுக்கு ஒரு பட்டுச் சேலை’ போதும். ‘உன்’ போட்டவர் தேடிய நெருக்கம் இதில் அதிகமாகவே கிடைக்கிறது. ‘நீ’ நெருக்கத்தின் சொல் என்பது உண்மைதான். கடவுளையும் காதலரையும் குழந்தையையும் நாம் அப்படித்தான் அழைக்கிறோம். ஆனால் அந்த உரிமை உறவால் வருவது. விலைச்சீட்டோடு நிற்பவருக்கு அது கிடையாது. அவர் சொல்லும் ‘நீ’, ஏவலாளிடம் சொல்லும் ‘நீ’யாகவே கேட்கும்.

‘காட்டவும்’ அவமரியாதை அல்ல. அது யாரையும் பார்த்துப் பேசாத வடிவம், அதனால்தான் அலுவலகங்களுக்குப் பிடிக்கிறது. நிபந்தனைகள் மட்டும் உள்ள தனிக் கட்டத்துக்குள் அது இருக்கலாம். அழைப்புக்கு நடுவில் வந்தால், வாசலில் வரவேற்றவர் திடீரென்று மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்த மாதிரி.

‘முன்பதிவு செய்’ சுவையான பிழை. கைப்பேசியில் ‘சேமி’, ‘அனுப்பு’ என்ற பொத்தான்களைப் பார்த்துப் பழகிய கை எழுதியது. ஆனால் அங்கே பேசுவது நாம், கேட்பது கருவி. கருவியை ஒருமையில் ஏவலாம். விளம்பரத்தில் பேசுவது கடை, கேட்பது நாம். திசை மாறியதும் படியும் மாற வேண்டும். ‘செய்யுங்கள்’ என்பதற்குப் பொத்தானில் இடமில்லை என்றால், ‘முன்பதிவு’ என்ற பெயர்ச்சொல்லோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கடைசி வரியைத்தான் பெரும்பாலான திருத்துநர்கள் தாண்டிப் போவார்கள். அதில் வாடிக்கையாளருக்கு ‘உங்கள்’ சரியாகவே இருக்கிறது. ஒருமையில் நிற்பவர் சேலையைத் தூக்கிக்கொண்டு வருபவர். முன்னிலையில் மட்டும் மரியாதையைச் சீராக்கிவிட்டுப் படர்க்கையில் ‘பையன் தருவான்’ என்று விட்டால், அந்த மரியாதை யாருக்கானது என்பது அம்பலமாகிறது: பணம் தருபவருக்கு. யாங்கோன் தமிழரில் பலருடைய முன்னோர் மேஸ்திரிகளின் கீழ் மூட்டை சுமக்கவும் வயலில் இறங்கவும் கப்பலேறி வந்தவர்கள். அவர்களை யாரும் ‘நீங்கள்’ என்று அழைத்திருக்க வாய்ப்பில்லை. அந்தப் பேரப்பிள்ளைகளிடம் விற்க வரும் தமிழ், சுமப்பவரை இன்னும் ‘அவன்’ என்றால் அவர்களுக்குக் கொடுத்த ‘உங்கள்’ளும் கள்ளப் பணம்தான்.

திருத்திய வடிவம் இது.

தீபாவளிக்கு அம்மாவுக்கு ஒரு பட்டுச் சேலை!
குடும்பத்தோடு எங்கள் கடைக்கு வாருங்கள்.
5 லட்சம் கியாட்டுக்கு மேல் வாங்கினால் பரிசு பெறுவீர்கள்.
பரிசு பெறும்போது பில்லைக் காட்டுங்கள்.
இன்றே முன்பதிவு செய்யுங்கள்.
எங்கள் ஊழியர் சேலையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்.

இதில் ‘நீங்கள்’ என்ற சொல்லும் இல்லை, ‘உங்கள்’ என்ற சொல்லும் இல்லை. ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரை ஒரே குரல், ஒரே படி. பர்மிய விளம்பரம் முன்னிலைச் சொல்லைத் தவிர்த்து வினையை நம்பியதே, அதே வழியைத் தமிழும் தன் சொந்த விகுதியால் நடந்திருக்கிறது.

இப்படிச் சீராக்குவதில் ஓர் இழப்பும் உண்டு. ‘நீர்’ புழங்கும் வீடுகளின் தொனியும், ‘வாங்கோ’ என்று அழைக்கும் கடைவாசலின் தொனியும் இந்த ஆறு வரிகளில் இல்லை. எல்லா ஊருக்கும் பொதுவான தமிழ் எந்த ஊர் வாசனையும் இல்லாததாக ஆவது நம் எல்லா அச்சுக்கும் உள்ள சங்கடம். அந்த வாசனை வேண்டும் என்று ஒரு கடை ‘வாங்க’ என்றே எழுதினால் குற்றமில்லை. அப்போது ‘காட்டுங்க’, ‘செய்யுங்க’, ‘தருவாருங்க’ என்று கடைசி வரை அப்படியே போக வேண்டும். எந்தப் படியில் நிற்பது என்பது கடையின் விருப்பம். நடுவில் இறங்குவது மட்டும் கூடாது.