கேனை அவிழ்த்த பிறகு

நண்பர் ஒருவர் எழுதி, இன்னும் எங்கும் வெளிவராத ஒரு சிறுகதையைப் பற்றிய கட்டுரை இது. அவர் வேப்பம்பட்டுக்காரர், பகலில் கணக்கு பார்ப்பவர், இரவில் கதை எழுதுபவர். பெயர் வேண்டாம் என்றார். "கதையை எவ்ளோ வேணா கிழி, பேரை மட்டும் விட்டுடு." கதையில் நல்லதும் இருக்கிறது, பொய்யும் இருக்கிறது. அந்தப் பொய் இவருடையது மட்டுமில்லை, நீச்சல் கதைகள் பலவற்றிலும் உள்ளது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கதை இதுதான். பத்து வயதுப் பையனுக்குத் தண்ணீர் என்றால் பயம். கோடை விடுமுறைக்கு வேப்பம்பட்டில் இருக்கும் தாய்மாமன் வீட்டுக்கு வருகிறான். மாமா அவனை ஊர்க் குளத்துக்குக் கூட்டிப்போய், ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனை இறுக மூடி முதுகில் கட்டிவிட்டு நீந்தச் சொல்கிறார். முதல் நாள் அழுகை, இரண்டாம் நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் மாமா அவனுக்குத் தெரியாமல் கேனை அவிழ்த்துவிடுகிறார். பையன் நீந்திக்கொண்டே இருக்கிறான். திரும்பிப் பார்த்தால் கேன் மாமாவின் கையில்! கடைசிப் பத்தியில் குளத்தின் நடுவரை போய்விட்டுத் திரும்புகிறான்.

முதலில் சின்ன விஷயங்கள். மே மாதத்தில் இந்தக் குளம் "தளும்பி நிற்கிறது". திருவள்ளூர் பக்கத்து ஏரி குளங்களுக்குத் தண்ணீர் தருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி கார்த்திகையில் பெய்து மார்கழியில் நிறைந்திருக்கும். பொங்கல் தாண்டினால் இறங்க ஆரம்பிக்கும். மே மாதத்தில் கரையோரம் வெடித்த சேறு, நடுவில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர், அவ்வளவுதான். அதோடு, கதையில் மதகும் கலங்கலும் வருகின்றன. அப்படியென்றால் அது ஏரி. இந்தப் பக்கம் குளம் என்றால் பெரும்பாலும் கோயில் குளம், சின்னதாக இருந்தால் குட்டை. அந்த ஊரிலேயே வளர்ந்தவர் 'குளம்' என்று எழுதுவதற்குக் காரணம் ஊர் இல்லை, படித்த கதைகள்.

ஆனால் ஒரு வரியில் மனுஷன் அசத்தியிருக்கிறார். பையன் முதன்முதலாக இறங்கும்போது நெஞ்சுக்கிட்டத் தண்ணீர் வெதுவெதுப்பாகவும், காலடியில் சில்லென்றும் இருக்கிறது. கீழே வேறு யாரோ இருப்பதுபோல அவனுக்குத் தோன்றுகிறது. ஓடாத தண்ணீரில் வெயில் மேல் அடுக்கைத்தான் சூடாக்கும். சூடான தண்ணீர் லேசானது என்பதால் மேலேயே நிற்கும், கீழே குளிர் தங்கிவிடும். இந்த அறிவியல் எதுவும் கதையில் இல்லை, இருக்கவும் கூடாது. காலுக்குத் தெரிந்தது மட்டும் இருக்கிறது. பயம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டார். அந்த வரியை எழுதியவர்தான் இரண்டு பக்கம் கழித்துக் கேனை அவிழ்க்கிறார் என்பதுதான் என் கோபம்.

தெரியாமல் கேனை அவிழ்ப்பது சைக்கிளிலிருந்து வந்த காட்சி. பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவரும் அப்பா சத்தமில்லாமல் கையை எடுத்துவிடுவார், பிள்ளை தானாக ஓட்டிக்கொண்டு போகும். சைக்கிளில் அது நடக்கும். வேகம் வந்தபிறகு சைக்கிளை நிறுத்தி வைப்பது அதன் ஓட்டமும் பிள்ளை ஹேண்டில்பாரைத் திருப்புவதும்தான். அப்பாவின் கை அப்போது பெரும்பாலும் ஆறுதல்தான். கேன் ஆறுதல் இல்லை. ஐந்து லிட்டர் காற்று முழுக்கத் தண்ணீருக்குள் அமுங்கினால் ஏறக்குறைய ஐந்து கிலோ எடையை மேலே தூக்கும். அது சட்டென்று போனால், ஐந்து கிலோ அரிசி மூட்டையைத் தோளில் வைத்த மாதிரி உடம்புக்கு உடனே தெரியும். பையன் கவனிக்கவே இல்லை என்றால், அவனுக்கு அந்தக் கேன் ஏற்கெனவே தேவையில்லாமல் போய்விட்டது என்று அர்த்தம். கதையில் அவன் நேற்றுத்தான் காய்ச்சலில் கிடந்தான்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் தன் பேரனுக்குச் சொல்லிக்கொடுத்த விதம் வேறு. தினமும் கேனுக்குள் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவார். ஒரு லிட்டர் ஊற்றினால் தூக்கும் திறன் நாலு கிலோ ஆகிவிடும், இரண்டு லிட்டர் ஊற்றினால் மூன்று. பேரனுக்கு எதிரிலேயே, சொல்லிவிட்டுத்தான் ஊற்றுவார். "நேத்துக்கு இன்னிக்கு ஒரு சொம்பு நீ சுமக்கற, அவ்ளோதான்." அந்தக் காலத்தில் சுரைக்குடுக்கை கட்டியவர்களால் இதைச் செய்திருக்க முடியாது, சின்னக் குடுக்கையாகத் தேடவேண்டும். பிளாஸ்டிக் கேன் வந்ததில் நடந்த ஒரே நல்லது இதுதான் என்று சிரிப்பார். கதைக்கு வேண்டியது எல்லாம் இந்தச் சொம்பில் இருக்கிறது. ஏமாற்றும் மாமாவுக்குப் பதிலாகக் கணக்குச் சொல்லும் மாமா. கணக்கு பார்க்கிற ஆளுக்கு இது தோன்றாமல் போனது ஆச்சரியம்தான்.

கேன் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் கதை கவனிக்கவில்லை. காற்று நிறைந்த நுரையீரல் நெஞ்சில் இருக்கிறது, உடம்பின் எடை மையம் இடுப்புப் பக்கம். அதனால் சும்மா கிடந்தாலே கால் கீழே போகும், நெஞ்சு மேலே நிற்கும். கேன் தோள்பட்டைக்குக் கீழே இறுக்கமாக இருந்தால் தலையைத் தூக்கிவைக்க உதவும். முடிச்சு தளர்ந்து இடுப்புக்கு நழுவினால் இடுப்பு மேலே கிளம்பி முகம் தண்ணீருக்குள் போய்விடும். பிழைக்க வைக்கக் கட்டியதே கவிழ்த்துவிடும். முதல் நாள் "அழுகை" என்று ஒரே சொல்லில் தாண்டிப்போன இடத்தில் இந்த முடிச்சு நழுவியிருந்தால், இரண்டாம் நாள் காய்ச்சலை நானும் நம்பியிருப்பேன்.

அடுத்தது அந்தக் கூச்சல். கதையின் நடுவில் பையன் ஆழத்தில் மாட்டிக்கொண்டு "மாமா... காப்பாத்து மாமா..." என்று மூன்று முறை கத்துகிறான், மாமா பாய்ந்து வருகிறார். சினிமாவில் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது. உண்மையில் மூழ்குகிறவர்களால் பெரும்பாலும் கத்த முடியாது. வாய் தண்ணீருக்கு மேலே வரும் நேரம் மூச்சு இழுப்பதற்கே போதாது, பேச்சுக்கு மூச்சு மிச்சமிருக்காது. கையை ஆட்டிக் கூப்பிடவும் வராது. கை தானாகப் பக்கவாட்டில் விரிந்து தண்ணீரை அமுக்கும், ஏணி ஏறுகிற மாதிரி. தலை பின்னால் சாய்ந்திருக்கும், கால் உதைக்காது. கரையிலிருந்து பார்க்கிறவருக்கு விளையாடுவதுபோலத்தான் தெரியும். நியூயார்க் கடற்கரைகளில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா இதைப் படமெடுத்துக் காட்டியிருக்கிறார். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடக்கூடும். பத்தடி தூரத்தில் மாமா பீடி பற்றவைத்துக்கொண்டிருக்கலாம். அந்த அமைதியை எழுதுவதுதான் கஷ்டம், எழுதினால் அதுதான் கதை.

ஒரு பையனின் நீர்ப்பயத்தை எழுதியதில் இந்தத் தலைமுறை அதிகம் படித்தது வில்லியம் ஓ. டக்ளஸ் எழுதிய 'டீப் வாட்டர்' ஆக இருக்கலாம். சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடம். சிறுகதை இல்லை, அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரின் நினைவுக்குறிப்பு. 1950-இல் வந்த அவருடைய 'ஆஃப் மென் அண்ட் மவுண்டன்ஸ்' நூலின் பகுதி. பரீட்சைக்காக மனப்பாடம் செய்து வெறுத்தவர்கள் இன்னொரு தடவை படிக்கலாம், தப்பில்லை. யாக்கிமா ஊரின் ஒய்.எம்.சி.ஏ. நீச்சல்குளத்தில் பத்துப் பதினோரு வயது டக்ளஸை ஒரு முரட்டுப் பையன் தூக்கி ஆழமான பக்கம் எறிந்துவிடுகிறான். ஒன்பதடி ஆழம். கீழே போகும்போதே டக்ளஸ் ஒரு திட்டம் போடுகிறான்: காலில் தரை பட்டதும் எம்ப வேண்டும், தக்கைமாதிரி மேலே வரவேண்டும், தண்ணீர்மேல் நீட்டிப் படுத்துக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட வேண்டும். தரை படுகிறது, எம்புகிறான். தக்கைமாதிரி வரவில்லை, மெதுவாக வருகிறான். கத்தப் பார்க்கிறான், சத்தம் வரவில்லை. திட்டம் சரி, உடம்பு ஒத்துழைக்கவில்லை. சோதனையில் ஓடிய புரோகிராம் நிஜ சர்வரில் விழுகிற மாதிரி (மன்னிக்கவும், தொழில் புத்தி).

ஆனால் நான் முக்கியமாக நினைப்பது அதற்குப் பிறகு வருவதை. பல வருஷம் கழித்துப் பெரியவனானபின் அவர் ஒரு பயிற்சியாளரிடம் போகிறார். இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கயிறு, மேலே கம்பியில் ஓடும் கப்பி, கயிற்றின் மறுநுனி பயிற்சியாளர் கையில். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். பயிற்சியாளர் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தும்போதெல்லாம் பழைய பயம் வந்து கால் மரத்துப் போகிறது. இறுக்கம் குறையவே மூன்று மாதம் ஆகிறது. பிறகுதான் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சு விடவும், தூக்கி மூச்சு இழுக்கவும் பழக்குகிறார். அப்புறம் கால். கடைசியில்தான் எல்லாம் சேர்ந்து ஓர் ஆள் நீந்துகிறான். அங்கேயும் அவர் முடிக்கவில்லை. தனியாக நீந்தும்போது பயம் எட்டிப் பார்க்கிறது, ஏரிக்குப் போய்ச் சோதித்துப் பார்க்கிறார்.

தளரும் அந்தக் கயிறும் பெரியவரின் சொம்பும் ஒன்றேதான். இரண்டிலும் ரகசியம் இல்லை. ஆதரவு குறைகிறது என்று கற்பவனுக்குத் தெரியும், தெரிந்தே பயப்படுகிறான், பயத்தோடேயே அடுத்த நாள் இறங்குகிறான். நண்பரின் கதையில் பயம் மாமாவின் ஒரு தந்திரத்தில் போய்விடுகிறது. அதில் பையனுக்கு வேலையே இல்லை. மூச்சை வெளியே விடுவது என்ற ஒன்று கதை முழுக்க எங்குமே வரவில்லை. பயந்தவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான். பிடித்த மூச்சை விடாமல் அடுத்த மூச்சை இழுக்க முடியாது. தண்ணீருக்குள் முதல் குமிழி விடும் நிமிடம்தான் நீச்சலின் முதல் நிமிடம், இந்தக் கதையில் அது நடக்கவில்லை.

பெருமாள்முருகனின் 'நீர் விளையாட்டு' ஞாபகம் வருகிறது. அங்கே பயப்படுவது பெரியவர், பயமுறுத்துவது குழந்தைகள், இடம் கிணறு. விளையாட்டு எந்த இடத்தில் பயமாக மாறியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. நம் நண்பர் கதையில் பயம் எந்த இடத்தில் போனது என்று சரியாக விரல் வைத்துக் காட்டிவிடலாம். கேன் அவிழ்ந்த வரி.

கடைசியாக, குளத்தின் நடு. பழைய ஏரிகளின் தரை கரையிலிருந்து மெல்லச் சரியும். ஒவ்வோர் அடியும் இடுப்பு, நெஞ்சு, கழுத்து என்று சொல்லிவிட்டுத்தான் ஆழமாகும். இப்போது திருவள்ளூர் மாவட்டத்து ஏரிகள் பலவற்றில் சவுடு மண் அள்ளியிருக்கிறார்கள். மழை வந்தால் அந்தப் பள்ளங்கள் மூடிக்கொள்ளும், மேலே ஒரே மட்டமாகத் தண்ணீர். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருப்பவனின் அடுத்த அடி ஆள் ஆழத்தில் விழும். மழைக்காலத்தில் பிள்ளைகள் மூழ்கிய செய்தியில் இந்தப் பள்ளம் திரும்பத் திரும்ப வருகிறது. கதை நடப்பது "போன வருஷம்" என்று முதல் பத்தியில் இருக்கிறது. அப்படியானால் இந்த மாமா பையனை இறக்குவதற்கு முன்னால் ஒரு கழியோடு தானே இறங்கி நடந்து பார்த்திருக்க வேண்டும். அந்த நாலு வரி இருந்திருந்தால் மாமாவும் ஓர் ஆளாகியிருப்பார். மூன்றே நாள் பழகிய பையன் தனியாக நடுவரை போவதை வெற்றி என்று அவரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

இதையெல்லாம் நேரிலும் சொன்னேன். சில்லென்ற காலடி வரியை விடவேண்டாம், மேயைத் தையாக்கலாம், விடுமுறையைப் பொங்கல் விடுமுறை ஆக்கலாம், மூன்று நாள் போதாவிட்டால் சனி ஞாயிறுகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலைப்புக்கு மட்டும் சண்டை. கதைக்கு 'எதிர்நீச்சல்' என்று வைத்திருக்கிறார். ஓட்டமே இல்லாத தண்ணீரில் எதை எதிர்த்து நீந்துவது என்று கேட்டதற்கு, "அதான் கதையே, பாஸ்" என்றார். எனக்குப் புரியவில்லை. அடுத்த வடிவம் வரட்டும்.