வானவழித் தூரமும் வயல்நிலத்தின் வரியும்

விவசாய நிலத்தை விற்பவன் ஆதாயத்திற்கு வரி செலுத்த வேண்டுமா என்ற கேள்விக்கு, 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் நிலத்தின் விளைச்சலையோ, விற்பவனின் ஸ்திதியையோ பாராமல், பக்கத்து நகராட்சியின் எல்லையிலிருந்து அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் கொண்டே பதில் சொல்ல முற்பட்டது. ஜனத்தொகை பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரையுள்ள ஊர்களுக்கு 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை 6, அதற்கும் மேல் 8 என்று வட்டம் வரையப்பட்டது. வட்டத்திற்கு வெளியே உள்ள வயல் மூலதனச் சொத்தே அன்று. விற்றால் ஆதாய வரியும் இல்லை.

இந்தத் தூரத்தைச் சாலை வழியே அளப்பதா, நேர்கோட்டிலா என்பது வெகுகாலம் வழக்காக நடந்தது. மனிதன் போகும் பாதையையே அளக்க வேண்டுமென்று பஞ்சாப் ஹரியானா உயர்நீதிமன்றம் கொண்ட கருத்தை, 2013ஆம் ஆண்டுத் திருத்தம் வானவழியே அளக்க வேண்டுமென்று மாற்றியது. சர்ச்சை ஓய்ந்தது உண்மையே. வரைபடத்தில் இரு புள்ளிகளை வைத்தால் எவரும் சரிபார்க்கலாம், புதுச்சாலை போட்டதால் வரி மாறுவதும் இல்லை. ஆனால் ஆற்றின் அக்கரையில், பாலத்தைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் போனால்தான் நகரத்தை அடையக்கூடிய வயலும், நேர்கோட்டில் 5.8 கிலோமீட்டர் என்பதற்காகவே நகர நிலமாகிவிடுகிறது.

இரண்டு லட்சம் ஜனத்தொகையுள்ள ஊருக்கு அருகே அத்தகைய வயலை ஒருவர் 2005இல் ஐந்து லட்சத்திற்கு வாங்கி, இப்போது நாற்பத்தைந்து லட்சத்திற்கு விற்பதாகக் கொள்வோம். அடிப்படை விலக்கு அவருடைய வேறு வருமானத்திலேயே தீர்ந்திருந்தால், நாற்பது லட்சம் ஆதாயத்தில் 12.5 சதவீதமும் மேல்வரியும் சேர்ந்து 5.2 லட்சம் போகும். அடுத்த வரப்புக்காரர் 6.2 கிலோமீட்டரில் இருந்தால் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. எல்லை எங்கேனும் இருந்தே தீரவேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். அந்த எல்லையில் வரி படிப்படியாக ஏறாமல் செங்குத்தாக எழுவதைத்தான் நான் நியாயமென்று ஏற்க இயலவில்லை.

ஜனத்தொகைக் கணக்கு மற்றொரு குறை. கடைசியாக வெளியான குடிமதிப்பின் எண்ணையே சட்டம் பார்ப்பதால், 2011க்குப் பின் எவ்வளவோ பெருகிவிட்ட ஊரும் பழைய வட்டத்திலேயே நிற்கிறது. நகராட்சி பக்கத்துக் கிராமங்களைச் சேர்த்துக்கொண்டாலோ, உழவன் ஒன்றும் செய்யாமலே வட்டம் அவன் வயல்மேல் நகர்ந்து வந்துவிடுகிறது.

விற்ற பணத்தில் இரண்டு ஆண்டுக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் சட்டம் விலக்களிக்கிறது. உழவைத் தொடர விரும்புகிறவனுக்கு அது மெய்யான உதவியே. மகளின் கல்யாணத்திற்கோ வைத்தியத்திற்கோ விற்பவனுக்கு அதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. அதே சமயம் வட்டத்துக்கு வெளியே பேருக்குச் சாகுபடி செய்து, விலை ஏறக் காத்திருக்கும் செல்வந்தருக்கோ தூரம் ஒன்றே முழு விலக்கையும் வாங்கிக் கொடுக்கிறது.