அம்புக்குறியின் மேல் ஒரு வினைச்சொல்

நிலப் பயன்பாடும் போக்குவரத்தும் பற்றிய அத்தியாயத்தை ஒருவர் ஸ்டூடியோ விமர்சனத்துக்காக ஒரே தாளில் சுருக்கியிருந்தால், நான் முதலில் பார்ப்பது அம்புக்குறிகளைத்தான். 'சாலையால் வளர்ச்சி' என்று மட்டும் எழுதினால் நடுவர் "எப்படி?" என்ற ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடுவார்.

ஒவ்வொரு அம்பின் மேலும் ஒரு வினைச்சொல் எழுதிய நல்ல குறிப்பு சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையை இப்படிப் பிடிக்கும்: 2000இல் டைடல் பார்க் வந்தது, தொடர்ந்து வேலைகள் ஒரே சாலையோரம் குவிந்தன, வீடுகள் நகரெங்கும் சிதறியிருந்ததால் காலையில் வண்டிகள் அங்கேயே திரண்டன, சாலையை அகலப்படுத்தினார்கள், பயண நேரம் குறையவே தெற்கே இன்னும் தள்ளியிருந்த நிலமும் எட்டும் தூரமானது, அங்கே அடுக்ககங்கள் எழுந்தன, நெரிசல் திரும்பியது. கடைசி அம்பு வளைந்து பழைய பெட்டிக்கே போய்ச் சேரும் இடம்தான் அழகு. பக்கம் பக்கமாக நீளும் விளக்கம் அங்கே ஒரே கோடு.

அம்பின் ஓரத்தில் கால இடைவெளியையும் குறிப்பவர் இன்னும் தேர்ந்தவர். பேருந்துத் தடத்தைச் சில மாதங்களில் மாற்றலாம். கட்டடமோ பல பத்தாண்டுகள் நிற்கும்.

'அடர்த்தி கூடினால் பேருந்து நிறையும்' என்ற அம்புக்கு மட்டும் ஒரு நிபந்தனை ஒட்ட வேண்டும்: நிறுத்தம் நடக்கும் தொலைவில் இருந்தால், அதுவரை நடைபாதையும் இருந்தால். அது விடுபட்டால், சுற்றுச்சுவருக்குள் ஒரே வாசலோடு நிற்கும் அடுக்ககத்தையும் அந்தத் தாள் சரியென்று சொல்லிவிடும்.