எல்லாப் பின்னுக்கும் 50 மெகாஹெர்ட்ஸா?

STM32F103 போன்ற மைக்ரோகன்ட்ரோலரில் ஒவ்வொரு அவுட்புட் பின்னுக்கும் இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டும். பின் எந்த முறையில் இயங்க வேண்டும் என்பது ஒன்று. அதன் சிக்னல் எவ்வளவு செங்குத்தாக ஏறி இறங்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் முடிவை யோசித்து எடுப்பவர்கள்கூட இரண்டாவதை எடுப்பதே இல்லை. மாதிரி நிரல்களில் இருக்கும் இந்த வரி அப்படியே நகலெடுக்கப்படுகிறது:

```c
GPIO_InitStructure.GPIO_Speed = GPIO_Speed_50MHz;
```

50 மெகாஹெர்ட்ஸ் வெறும் உச்சவரம்புதானே, மெதுவாக இயங்கும் பின்னுக்கு அதனால் என்ன கெட்டுவிடும் என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். அந்தச் சமாதானம் தவறு.

முறைத் தேர்வில் பெரிய குழப்பம் இல்லை. எல்இடி, ரிலே டிரைவர் போன்றவற்றுக்குப் புஷ்-புல். யுஏஆர்டி அனுப்பும் பின், எஸ்பிஐ கிளாக் ஆகியவற்றை உள்ளிருக்கும் பெரிஃபெரலே இயக்குவதால் ஆல்டர்னேட் ஃபங்ஷன் புஷ்-புல். ஐ-டூ-சி கம்பியைப் பலர் பகிர்வதால் ஆல்டர்னேட் ஃபங்ஷன் ஓப்பன்-டிரெயின். அங்கே புஷ்-புல் வைத்தால் ஸ்லேவ் கம்பியைக் கீழே இழுக்கும்போது மாஸ்டர் மேலே தள்ளும். ஏடிசி பின்னுக்கு அனலாக். பயன்படாத பின்னுக்கும் அதுவே நல்லது: ஷ்மிட் டிரிக்கர் அணைவதால், அந்தரத்தில் நிற்கும் பின் வீணாக மின்சாரம் இழுக்காது.

வேக அமைப்பின் கதை வேறு. பின் வினாடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதை அது தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு மாற்றமும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதையே தீர்மானிக்கிறது. இந்தச் சிப்பில் 2 மெகாஹெர்ட்ஸ் அமைப்பில் விளிம்புக்கு அதிகபட்சம் 125 நானோவினாடி. 10 மெகாஹெர்ட்ஸில் 25. 50 மெகாஹெர்ட்ஸில் 30 பிக்கோஃபாரட் சுமைக்கு 5. வினாடிக்கு ஒருமுறை மினுக்கும் எல்இடியும் 50 மெகாஹெர்ட்ஸ் அமைப்பில் 5 நானோவினாடி விளிம்பைத்தான் தரும். அந்த விளிம்பில் ஏறத்தாழ 70 மெகாஹெர்ட்ஸ் வரை ஆற்றல் இருக்கும்.

அதற்கான மின்னோட்டம் எங்கிருந்தோ வர வேண்டும். 30 பிக்கோஃபாரட்டை 5 நானோவினாடியில் 3.3 வோல்ட் ஏற்ற, பின்னுக்குச் சுமார் 20 மில்லிஆம்பியர் தேவை. எட்டுப் பின்கள் ஒன்றாக மாறினால் 160. அதே மாற்றம் 125 நானோவினாடியில் நடந்தால் எட்டுக்கும் சேர்த்து 7 மில்லிஆம்பியர்கூட ஆகாது. திடீரென எழும் இந்த மின்னோட்டம் சிப்பின் தரைக் கம்பிகளின் இண்டக்டன்ஸ் வழியே பாயும்போது, சிப்புக்குள் இருக்கும் தரை மட்டமே சில கணம் எகிறுகிறது. 12 பிட் ஏடிசியின் ஒரு படி 0.8 மில்லிவோல்ட்தான்; எகிறலில் சிறு துளி கசிந்தாலும் அளவீடு தள்ளாடும்.

எட்டு பிட் பஸ்ஸில் ஒரு HD44780 எல்சிடி, ஏடிசியில் ஒரு தெர்மிஸ்டர் என்ற சாதாரண போர்டை எடுத்துக்கொள்ளலாம். எல்சிடியில் எழுதும்போதெல்லாம் வெப்பநிலை சில எண்கள் துள்ளுகிறது. வழக்கமாக மென்பொருளில் சராசரி போட்டு இதை மூடிவிடுவார்கள். நோயைக் கண்டுபிடிப்பது எளிது: எல்சிடியில் எழுதுவதை நிறுத்திவிட்டு அதே சேனலைப் படித்தால் துள்ளல் அடங்கும். எட்டு டேட்டா பின்களையும் 2 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி மீண்டும் எழுதினாலும் துள்ளல் வெகுவாகக் குறைந்தால், குற்றவாளி விளிம்புதான். டேட்டா நிலைத்த பிறகே E பின்னை மாற்றுவதால் 125 நானோவினாடி அங்கே ஒரு பொருட்டல்ல.

ஆனால் E பின்னையும் சேர்த்து இறக்கிவிடக் கூடாது. 5 வோல்ட்டில் இயங்கும் HD44780, E விளிம்பு 20 நானோவினாடிக்குள் முடிய வேண்டும் என்கிறது. 10 மெகாஹெர்ட்ஸ் அமைப்பின் 25-கூட அதற்கு உத்தரவாதம் தராது. அந்த ஒரு பின்னுக்கு மட்டும் 50 மெகாஹெர்ட்ஸ் நியாயம். ஒரே பஸ்ஸில் எட்டுப் பின்னுக்கு ஒரு விடை, ஒன்பதாவதற்கு வேறு விடை. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை ஒட்டுபவர் இந்தக் கேள்வியையே கேட்டிருக்கமாட்டார்.

வேகம் உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் உண்டு. 18 மெகாஹெர்ட்ஸ் எஸ்பிஐ கிளாக்கின் அரைச் சுற்று 28 நானோவினாடி. 50 மெகாஹெர்ட்ஸ் அமைப்பைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் 115200 பாட் யுஏஆர்டியில் ஒரு பிட் 8.7 மைக்ரோவினாடி, 125 நானோவினாடி விளிம்பு அதில் ஒன்றரை சதவீதத்தைக்கூடத் தொடாது.

அமைப்பை ஏற்றினால் எதுவுமே மாறாத இடமும் உண்டு. ஐ-டூ-சி விளிம்பு சோம்பலாக ஏறுகிறது என்று வேகத்தைக் கூட்டுவார்கள். ஓப்பன்-டிரெயினில் ஏற்றுவது சிப் அல்ல, புல்-அப் ரெசிஸ்டர். 4.7 கிலோஓமும் 100 பிக்கோஃபாரட்டும் இருந்தால் ஏற்றத்துக்குச் சுமார் 400 நானோவினாடி ஆகும். 400 கிலோஹெர்ட்ஸ் முறையின் வரம்பு 300. ரெசிஸ்டரை 2.2 கிலோஓமாக மாற்றினால் 190-க்கு வரும். வேக அமைப்பை ஏற்றினால் இறங்கும் விளிம்பு மட்டும் இன்னும் கூர்மையாகி, பக்கத்துக் கம்பியைச் சீண்டும்.

ஆகவே 2 மெகாஹெர்ட்ஸில் தொடங்க வேண்டும். எதிர்முனைச் சிப்பின் டேட்டாஷீட்டோ பிட் நேரமோ கேட்டால் மட்டும், கேட்கும் பின்னுக்கு மட்டும், ஒரு படி ஏற்ற வேண்டும்.