தலைகீழ் ஃபோர்க்குக்கு மயிலாப்பூரில் என்ன வேலை?

முன் ஃபோர்க் மேலே தடித்துக் கீழே மெலிந்திருந்தால் யூஎஸ்டி, பின்னால் ஒரே ஷாக் இருந்தால் மோனோ, இரண்டும் இருந்தால் உயர்ந்த வண்டி. ஷோரூமில் பலர் போடும் கணக்கு இது. இதைச் சோதிக்க நம்மூர்க் கம்பெனியான ராயல் என்ஃபீல்டின் மூன்று வண்டிகளே போதும். ஹிமாலயன் 450-இல் முன்னால் யூஎஸ்டி, பின்னால் மோனோ. அதே இன்ஜினோடு 2024-இல் வந்த கெரில்லா 450-இல் பின்னால் மோனோதான், ஆனால் முன்னால் சாதாரண டெலஸ்கோப்பிக். இரண்டையும்விட விலை கூடிய சூப்பர் மீட்டியர் 650-இல் முன்னால் யூஎஸ்டி, பின்னால் பழைய பாணி இரட்டை ஷாக்!

கெரில்லாவுக்கும் ஹிமாலயனுக்கும் ஃபோர்க் அளவு 43 மில்லிமீட்டர் என்றே போட்டிருப்பார்கள். ஆனால் அது இரண்டிலும் ஒரே இடத்தின் அளவு அல்ல. சாதாரண ஃபோர்க்கில் ஹேண்டில்பாருக்குக் கீழே கிளாம்ப் பிடித்திருப்பதே அந்த 43 மில்லிமீட்டர் உள்குழாயைத்தான். யூஎஸ்டியில் உள்குழாய் கீழே சக்கரத்தோடு போய்விடும். கிளாம்ப் பிடிப்பது அதைவிடத் தடித்த வெளிக்குழாயை. பிரேக்கை அழுத்தும்போது ஃபோர்க்கை வளைக்கப் பார்க்கும் விசை அதிகமாக விழுவது கிளாம்ப்புக்குச் சற்றுக் கீழேதான். அங்கே குழாய் தடித்திருந்தால் முன்பக்கம் வளையாமல் நிற்கும். வேகமாக வந்து வளைவுக்கு முன் இறுக்கிப் பிடிப்பவருக்கும், காட்டுப் பாதையில் குதிப்பவருக்கும் இது பெரிய விஷயம்.

லஸ்ஸிலிருந்து ஆர்.கே. மடம் சாலை வழியாக அடையாறு போகிறவருக்கு? மெட்ரோ வேலைக்காகச் சாலை குறுகிக் கிடக்கிற இடங்களில் நாற்பதைத் தொட்டாலே பெரிய காரியம். அந்த வேகத்தில் கைக்குத் தெரிவது ஃபோர்க் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதல்ல. அது எவ்வளவு தூரம் அமுங்குகிறது என்பதுதான். ஹிமாலயன் 200 மில்லிமீட்டர் அமுங்கும், கெரில்லா 140. ஒட்டுப்போட்ட பள்ளத்தில் ஹிமாலயன் மெத்தென்று இறங்கி ஏறும். சிக்னலில் சட்டென்று பிரேக் பிடித்தால் மூக்கைக் கூடுதலாகத் தாழ்த்துவதும் அதுவே.

யூஎஸ்டி வாங்குகிறவர் ஒன்றைப் பழக்கிக்கொள்ள வேண்டும். அதன் ஆயில் சீல் கீழே, சக்கரத்துக்குப் பக்கத்தில், மழைநீரும் மணலும் தெறிக்கிற இடத்தில் இருக்கிறது. சீல் போனால் ஆயில் அங்கிருந்து வழிந்து பிரேக் காலிப்பருக்கும் டிஸ்க்குக்கும் இறங்கலாம். சாதாரண ஃபோர்க்கில் சீல் உயரத்தில் இருப்பதால், பளபளக்கும் குழாயில் ஆயில் வளையம் முதலில் கண்ணில் படும். வாரம் ஒருமுறை முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை நாலு தடவை அமுக்கி, குழாயை டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள். பேப்பரில் ஈரம் தெரிந்தால் மெக்கானிக்கிடம் போக வேண்டும். பேட் நனைந்துவிட்டால் துடைத்துச் சமாளிக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், சென்னைக்காரர் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியது பின்பக்கத்தைப் பற்றித்தான். இரட்டை ஷாக் பெரும்பாலும் அச்சுக்குப் பக்கத்திலேயே மாட்டப்படுவதால், சக்கரம் எவ்வளவு எழும்புகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவுக்கு ஷாக்கும் அமுங்கும். ஹிமாலயன், கெரில்லா மோனோக்களில் ஷாக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே லிங்க் இருக்கிறது. சிறிய மேட்டில் இளகிக் கொடுத்து, ஆழமாக அமுங்க அமுங்க எதிர்ப்பைக் கூட்டுவது இந்த லிங்க்தான். மோனோ என்ற பெயர் மட்டும் அதைத் தராது. பல 150, 160 சிசி வண்டிகளில் லிங்க் இல்லாமல் ஒற்றை ஷாக்கை நேராக மாட்டியிருப்பார்கள். சேல்ஸ்மேனிடம் கேட்க வேண்டிய கேள்வி, "லிங்க் இருக்கா?"

சூப்பர் மீட்டியரின் பின்சக்கரம் எழும்ப இருக்கும் இடம் 101 மில்லிமீட்டர், கெரில்லாவில் 150. ஒருவர் உட்கார்ந்ததுமே மூன்றில் ஒரு பங்கு அமுங்கிவிடுகிறது என்று வையுங்கள். சூப்பர் மீட்டியரில் மிச்சம் சுமார் 67, கெரில்லாவில் 100. டபுள்ஸ் போனால் பின்னால் இருப்பவரின் எடை பெரும்பாலும் பின்சக்கரத்தின் மேல்தான் விழும், மிச்சம் இன்னும் சுருங்கும். வேகத்தடையில் 'டம்' என்று இடுப்பில் அடித்தால் ஷாக் கடைசி வரை போய் முட்டியது என்று அர்த்தம்.

அதற்கு பிரீலோடைக் கூட்ட வேண்டும். இரட்டை ஷாக்கில் இது சுலபம்: ஸ்பேனரால் வளையத்தைத் திருப்பி, இரண்டு பக்கமும் ஒரே படியில் வைத்தால் போதும். மோனோ வண்டிக்குள்ளே ஒளிந்திருப்பதால் ஸ்பேனர் நுழைய இடம் தேட வேண்டியிருக்கும். பிரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகிவிடாது. தொய்ந்த வண்டி பழைய உயரத்துக்கு வரும், அவ்வளவுதான். தனியாக ஓட்டும்போது குறைக்காவிட்டால் தி. நகர் சந்துகளில் ஒவ்வொரு கல்லுக்கும் பின்பக்கம் துள்ளும்.

தனியாக ஓடும் நகர வண்டிக்கு என் தேர்வு கெரில்லாவின் அமைப்புதான்: சாதாரண ஃபோர்க், லிங்க் வைத்த மோனோ. தினமும் டபுள்ஸ் என்றால், டெஸ்ட் ரைடுக்குப் பின்னால் உட்காரப்போகிறவரையும் கூட்டிப்போய், அவரை ஏற்றிக்கொண்டே வேகத்தடையைத் தாண்டிப் பாருங்கள்.