விளக்கு எரியும், பாரம் ஏறாது

இரண்டு கேபிள்களை ஒரே கட்டாகச் சேர்த்துவிட்டு, ஒன்றில் மட்டும் டேட்டா போகாமல் நிற்பதைச் சென்னையிலும் பார்த்திருக்கிறேன், யாழ்ப்பாணத்திலும் பார்த்திருக்கிறேன். அறிகுறி ஒன்றுதான்: போர்ட் விளக்கு பச்சையாக எரியும், அனுப்பும் கவுன்ட்டர் அநேகமாக நகராது. காரணம்தான் இரண்டு இடத்திலும் வேறு. அந்த வேறுபாடு பெரும்பாலும் யார் கையில் எந்த முனை இருக்கிறது என்பதிலிருந்து வருகிறது.

சென்னையின் பெரிய அலுவலகங்களில் சர்வர் ஒரு குழுவிடம், ஸ்விட்ச் இன்னொரு குழுவிடம். நான் பார்த்த இடத்தில் லினக்ஸ் சர்வரின் இரண்டு போர்ட்களும் எல்ஏசிபி முறையில் கட்டப்பட்டிருந்தன. ஸ்விட்சில் பழுதான ஒரு போர்ட்டை விட்டுவிட்டுக் கேபிளைப் பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றியிருந்தார்கள். புதிய போர்ட்டைக் கட்டில் சேர்க்கவில்லை. “சார், எங்க சைடுல லிங்க் அப்லதான் இருக்கு” என்று இரு குழுவும் சொன்னது; இருவர் சொன்னதும் உண்மை. சர்வர் முனையில் பார்க்க வேண்டியது இது:

```
cat /proc/net/bonding/bond0
```

ஒவ்வொரு போர்ட்டின் கீழும் `Aggregator ID` என்று ஓர் எண் வரும். சரியான கட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே எண். இங்கே முதலாவதற்கு 1, இரண்டாவதற்கு 2. எதிர்முனையிலிருந்து எல்ஏசிபி பேச்சே வராததால் லினக்ஸ் அந்தப் போர்ட்டைத் தனிக் கட்டாக ஒதுக்கிவிடுகிறது. நடப்பிலிருக்கும் கட்டுக்குள் இல்லாத போர்ட்டில் அது டேட்டா எதையும் அனுப்பாது. ஸ்விட்ச் முனையில் `show etherchannel summary` போட்டால் முதல் போர்ட்டுக்குப் பக்கத்தில் `P` இருந்தது, இரண்டாவது போர்ட் பட்டியலிலேயே இல்லை. `channel-group 1 mode active` என்ற ஒரு வரியில் வேலை முடிந்தது.

இரு முனையும் `passive` ஆக இருந்தால் யாரும் பேச்சைத் தொடங்க மாட்டார்கள்; கட்டே உருவாகாது. ஒரு முனை `active` ஆக இருந்தால் போதும். `on` என்று வைக்கும் பழைய வழக்கத்தை நான் ஏற்பதில்லை. பேச்சுவார்த்தையே இல்லாத அந்த முறையில், கேபிள் தவறான இடத்தில் செருகப்பட்டிருந்தாலும் ஸ்விட்ச் பாட்டுக்கு அதில் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் நான் பார்த்த அலுவலகத்தில் இரு முனையும் ஒரே ஆளின் பொறுப்பு. அதனால் பேச்சுவார்த்தைக் கோளாறு அங்கே நீடிக்க வாய்ப்பில்லை. ஆள் எழுந்து போய் மறுமுனையைப் பார்த்துவிடுவார். ஆனால் 2022 டாலர் நெருக்கடிக்குப் பிறகு, கிடைத்த கருவியை வைத்துச் சமாளித்திருந்தார்கள்: ஒரு முனையில் மைக்ரோடிக் ரவுட்டர், மறுமுனையில் கைமாறி வந்த சிஸ்கோ எல்3 ஸ்விட்ச். “அண்ணை, ரெண்டு போர்ட்டும் P எண்டுதான் காட்டுது, ஆனா ரெண்டாவதில ஒண்டும் போகேல்லை” என்றார் அந்தத் தம்பி.

எந்தக் கேபிளில் அனுப்புவது என்பதை அனுப்பும் முனைதான் தீர்மானிக்கிறது, மறுமுனையைக் கேட்பதில்லை. ஆகவே ஒவ்வொரு முனையிலும் அனுப்பும் கவுன்ட்டரைத் தனியாகப் படிக்க வேண்டும். ஸ்விட்சில் `src-dst-ip` இருந்ததால் அங்கிருந்து வருவது இரண்டு கேபிளிலும் வந்தது. ரவுட்டரின் `ether2` அனுப்பியதோ, ஏறக்குறைய 30 விநாடிக்கு ஒருமுறை போகும் எல்ஏசிபி பாக்கெட் மட்டும்.

மைக்ரோடிக்கில் மாற்றாமல் விட்டால் இருக்கும் விதி `layer-2`. அது அனுப்புபவர், பெறுபவர் மேக் முகவரிகளின் கடைசி பைட்டுகளை எக்ஸ்-ஆர் செய்து, பாக்கெட் வகை எண்ணையும் சேர்த்து, கேபிள் எண்ணிக்கையால் வகுத்த மீதியைப் பார்க்கிறது. ரவுட்டருடையது `1c`, ஸ்விட்சுடையது `4e` என்று வைத்துக்கொண்டால் விடை `52`. ஐபிவி4-இன் வகை எண் `0800`. அதைச் சேர்த்தாலும் இரட்டைப்படைதான். இரண்டால் வகுத்தால் மீதி 0, முதல் கேபிள். ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் ஆளுக்கொரு மேக்தான் என்பதால், பின்னால் எத்தனை கணினிகள் இருந்தாலும் விடை மாறாது. ஸ்விட்ச் எல்2ஆக மட்டும் இருந்திருந்தால் ஒவ்வொரு கணினியின் மேக்கும் கணக்கில் வந்து பாரம் தானே பிரிந்திருக்கும். பரிகாரம் ரவுட்டர் முனையில்:

```
/interface bonding set bond1 transmit-hash-policy=layer-2-and-3
```

இப்போது ஐபி முகவரிகளும் கணக்கில் சேர, கணினிகள் இரண்டு கேபிளிலும் பிரிந்தன. `layer-3-and-4` இன்னும் நன்றாகப் பிரிக்கும். ஆனால் துண்டாக்கப்பட்ட பாக்கெட்டில் முதல் துண்டுக்கு மட்டுமே போர்ட் எண் உண்டு; ஒரே உரையாடலின் பாக்கெட்டுகள் இரு கேபிளில் பிரிந்து வரிசை மாறி வரலாம். அதனால் தேவையில்லாமல் அதற்குப் போவதில்லை.

எந்த விதியை வைத்தாலும் ஒற்றை பேக்கப் ஓட்டம் ஒரு கேபிளின் வேகத்தைத் தாண்டாது. இரவு பேக்கப் மட்டும் ஓடும் நேரத்தில் இரண்டாவது கேபிள் சும்மா இருந்தால் அது கோளாறே இல்லை. சென்னையில் அதற்கும் டிக்கெட் போட்டிருந்தார்கள்.