நூல் மூட்டையும் வராத பாக்கியும்

ஒரு தடவைக்கு எவ்வளவு சரக்கு வாங்கினால் செலவு குறையும்? இதற்கு ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1913-இல் ஒரு சூத்திரம் தந்தார். சிக்கனக் கொள்முதல் அளவு என்று நம் வணிகவியல் மாணவர்கள் இன்றும் போடும் கணக்கு அதுதான். அதன் பலமும் பலவீனமும் தெரிய, திருப்பூர்ப் பக்கத்துச் சிறு பின்னலாடை நிறுவனம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம்.

ஆண்டுக்கு 36,000 கிலோ நூல் வேண்டும். கிலோ 250 ரூபாய். ஒவ்வொரு கொள்முதலுக்கும் வண்டி வாடகை, இறக்குகூலி, அலைச்சல் எல்லாம் சேர்ந்து 1,250 ரூபாய். ஒரு கிலோவை ஆண்டு முழுக்க வைத்திருக்க வட்டி, கிடங்கு, சேதம் என 40 ரூபாய். சூத்திரம் 1,500 கிலோ என்கிறது. ஆண்டுக்கு 24 தடவை வாங்க வேண்டும்; இருவகைச் செலவும் தலா 30,000, ஆக மொத்தம் 60,000 ரூபாய்.

இந்தச் சூத்திரத்தின் அழகு அது தவறுகளைப் பொறுத்துக்கொள்வதில் இருக்கிறது. 1,500-க்குப் பதில் 3,000 கிலோ வாங்கினாலும் செலவு 75,000-தான். அளவு இரட்டித்தும் நட்டம் 15,000 ரூபாயோடு நிற்கிறது. எனவே தசமப் புள்ளி வரை கணக்குப் போடுவது வீண்வேலை.

ஆனால், 1,500 கிலோ வாங்க 3,75,000 ரூபாய் கையில் இருக்கும் என்று அது தானாகவே நம்பிக்கொள்கிறது. நம் நிறுவனத்தின் விற்பனை நாளுக்கு 40,000 ரூபாய். 45 நாளில் வர வேண்டிய பணம் 75 நாளில் வந்தால் 12 லட்சம் ரூபாய் பில் கூடுதலாக வெளியே நிற்கும். அதில் லாபத்தைக் கழித்து, அடக்கம் முக்கால் பங்கு என்று வைத்தாலும் 9 லட்சம் முடங்கும். 12 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 1,08,000 ரூபாய். நூல் கணக்கில் செய்த பெரிய தப்பைவிட இது ஏழு மடங்கு.

அதோடு நிற்காது. கையில் காசில்லாததால் 500 கிலோவாக வாங்க நேரும். அப்போது 72 கொள்முதல். செலவு ஒரு லட்சம். வாங்குபவரின் தாமதம் நூல் கிடங்கில் 40,000 ரூபாய் நட்டமாக வந்து உட்காருகிறது. கடன் கெடு ஒரு பாடம், சரக்கு இன்னொரு பாடம் என்று பிரித்து நடத்தும் புத்தகங்களில் இந்த முடிச்சு தெரிவதில்லை.

சீக்கிரம் பணம் தருபவருக்கு 2 சதவீதத் தள்ளுபடி கொடுக்கலாம் என்பார்கள். 75 நாள் இழுப்பவர் 15-ஆம் நாளே கொடுத்தால், அந்தத் தள்ளுபடி ஆண்டுக்குச் சுமார் 12.4 சதவீத வட்டிக்குச் சமம். வங்கி வட்டியோடு ஏறக்குறைய ஒன்றுதான். 45 நாளில் ஒழுங்காகத் தருபவரும் அதே தள்ளுபடியைக் கேட்டால் 24.8 சதவீதம். கேட்காமல் இருப்பாரா?

சூத்திரத்தைக் கையில் எடுக்குமுன், 60 நாள் தாண்டிய பில்களைத் தனியே எடுத்து ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.